திருமண வரவேற்பில் வாசிக்கும் 6 பேர் குழு: கருவி, கேபிள், மாற்றுச் சாமான் பட்டியலில் எதை விட்டிருக்கிறேன்?

காட்பாடி_கீபோர்டு | வெள்ளி, மாலை 7:12

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது ஒரு சிறிய மெல்லிசைக் குழு. ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, கீபோர்டு, கிதார், ரிதம் பேட், தபலா என்று மொத்தம் 6 பேர் இருக்கிறோம். அடுத்த மாதம் குடியாத்தத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை நடக்கும் வரவேற்பில் 6:30 முதல் 9:30 வரை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஸ்பீக்கர், மிக்ஸர், மானிட்டர், மைக் ஆகியவற்றை மணமகன் வீட்டார் ஏற்பாடு செய்துள்ள மைக்செட்காரர் கொண்டுவருகிறார். கருவிகளும் அவற்றைச் சார்ந்தவையும் எங்கள் பொறுப்பு.

சென்ற முறை வேறொரு ஊரில் வாசித்தபோது கீபோர்டின் அடாப்டரை வீட்டில் விட்டுச் சென்று, அதை எடுத்துவர ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பி, 1 மணி நேரம் தபலாவையும் குரலையும் மட்டும் வைத்துச் சமாளித்தோம். மணமக்கள் மேடை ஏறும்போது கீபோர்டு இல்லை. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆகவே இந்த முறை பட்டியல் எழுதியிருக்கிறேன்: கீபோர்டு, ஸ்டாண்டு, பெடல், அடாப்டர், கிதார், கிதார் பிராசசர், ரிதம் பேட், தபலா ஜோடி, லேப்டாப், 10 கேபிள், 2 எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பேட்டரி, டேப். இதில் எது விடுபட்டிருக்கிறது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய_மிக்ஸர் | வெள்ளி, இரவு 8:40

தம்பி, நான் ராணிப்பேட்டைப் பக்கம் 20 ஆண்டுகளுக்கு மேல் மைக்செட் வேலை பார்த்தவன். உங்கள் பட்டியலில் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. குறை இருப்பது "10 கேபிள்" என்ற இடத்தில்தான். எந்தக் கருவியிலிருந்து எந்தப் பெட்டிக்கு, எந்த முனையோடு, எத்தனை மீட்டரில் என்று எழுதாவிட்டால், 10 கேபிள் இருந்தும் தேவையான ஒன்று இல்லாமல் போகும்.

நான் பட்டியலைச் சாமான் பெயரிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு கருவியின் ஒலி எங்கே பிறக்கிறதோ அங்கே விரலை வைத்து, மிக்ஸர் வரை கூடவே நடந்து போவேன். கீபோர்டிலிருந்து ஜாக் வைத்த மோனோ கேபிள், அது போய்ச் சேரும், கருவியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ், அங்கிருந்து மைக்குக்குப் போடும் 3 பின் கேனான் கேபிள், அது சேரும் ஸ்டேஜ் பாக்ஸ் என்று ஒவ்வொரு இணைப்பையும் எழுதுவேன். பிறகு அதே கருவிக்கு மின்சாரம் வரும் வழியில் இன்னொரு முறை நடப்பேன். சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர், கருவி. இந்த 2 நடையிலும் எந்த ஒரு பொருள் போனால் கருவி மொத்தமாக ஊமையாகுமோ, அதற்கு மட்டும் மாற்று வைத்தால் போதும். கீபோர்டுக்கு மாற்றுக் கீபோர்டு யாரும் கொண்டுவர மாட்டார்கள். அதன் அடாப்டருக்கு மாற்று கட்டாயம் வேண்டும்.

அடாப்டர் வாங்கும்போது வோல்ட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதை அடாப்டரின் மேல் உள்ள சிறு படத்தில் பாருங்கள். கிதார் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட்டில், நடுவே எதிர்மின் வைத்து வருபவை. கீபோர்டுகளில் நடுவே நேர்மின் வைத்த 12 வோல்ட் பரவலாக உண்டு. முனை பொருந்துகிறது என்று அவசரத்தில் மாற்றிச் செருகினால், மாற்றுச் சாமானே கருவியைக் கெடுத்துவிடும். அடாப்டரின் தலையிலும் கருவியின் பின்புறத்திலும் ஒரே நிற டேப்பை ஒட்டிவிடுங்கள்.

டி.ஐ. பாக்ஸ் யார் கொண்டுவருகிறார்கள் என்பதை இன்றே மைக்செட்காரரிடம் கேளுங்கள். இசைக்குழு கொண்டுவரும் என்று அவரும், அவர் கொண்டுவருவார் என்று இசைக்குழுவும் நினைத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த குளறுபடி.

மகள்_கல்யாண_வேலை | வெள்ளி, இரவு 9:05

ஐயா, எங்கள் மகளின் வரவேற்பு தை மாதத்தில் சத்துவாச்சாரியில் நடக்க இருக்கிறது. மண்டபத்தில் ஸ்பீக்கரும் மைக்கும் வாடகையிலேயே சேர்த்தி என்று மேலாளர் சொல்கிறார். அப்படியிருக்க, மைக்செட்காரர் ஒருவரைத் தனியாக ஏன் அமர்த்த வேண்டும்? பாட்டுக் குழுவினர் இவ்வளவு சாமானைக் கேட்பதைப் பார்த்தால், வீட்டுக்காரர்கள் நாங்கள் என்னென்ன வாங்கித் தர வேண்டும் என்றே புரியவில்லை.

பழைய_மிக்ஸர் | வெள்ளி, இரவு 9:21

ஐயா, இங்கே பேசுவது குழுவினர் தாங்களே கொண்டுவர வேண்டிய சாமானைப் பற்றி. நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. இருந்தாலும் மேலாளரிடம் ஒன்றைக் கேளுங்கள். மண்டபத்தின் ஸ்பீக்கர் கூரையிலும் தூண்களிலும் பொருத்திய சிறு பெட்டிகளாக இருந்தால், அவை அறிவிப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒற்றை மைக் வைக்க ஆனவை. ஒரு குழு வாசிக்க 10 முதல் 12 இணைப்புகள் எடுக்கும் மிக்ஸர் தேவைப்படும். ஜெனரேட்டர் ஓடினால் மேடை பிளக்குகளுக்கும் மின்சாரம் வருமா, விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான பதிலை உங்கள் குழுவினரிடம் சொன்னால் அவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

காட்பாடி_கீபோர்டு | சனி, காலை 10:30

ஐயா சொன்னபடி விரலை வைத்து நடந்து பார்த்தேன். குரல் மைக் 2, வரவேற்புரை சொல்பவருக்கு 1, கீபோர்டு இடமும் வலமுமாக 2, கிதார் 1, பேட் 2, தபலாவுக்கு மைக் 2, லேப்டாப் 2 என்று மொத்தம் 12 இணைப்புகள் வருகின்றன. மைக்செட்காரரைத் தொலைபேசியில் கேட்டதில், 12 இணைப்பு மிக்ஸர் என்றும், அதில் ஒன்று எப்போதும் தகராறு செய்யும் என்றும் அவரே சொல்லிவிட்டார். டி.ஐ. பாக்ஸ் அவரிடம் 2 மட்டுமே இருக்கிறது.

பழைய_மிக்ஸர் | சனி, காலை 11:02

நேர்மையான மனிதர், அவரை விட்டுவிடாதீர்கள். கீபோர்டையும் பேடையும் மோனோவாகக் கொடுத்தால் 12 என்பது 10 ஆகிவிடும். கல்யாண மண்டபத்தில் ஸ்டீரியோவின் சுகத்தை அனுபவிக்க ஒருவரும் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆனால் கேபிளை இடப்பக்கத் துளையில், மோனோ என்றும் எழுதியிருக்கும் அந்தத் துளையில்தான் செருக வேண்டும். வலப்பக்கத்தில் மட்டும் செருகினால், இடப்பக்கம் ஒதுக்கி வைத்த ஒலிகள் வெளியே வராமல் போய்விடும்.

கீபோர்டு, பேட், கிதார் பிராசசர் மூன்றுக்கும் ஆளுக்கொரு டி.ஐ. வேண்டும். அவரிடம் 2 இருப்பதால் நீங்கள் 2 எடுத்துக்கொண்டு போனால் மாற்றும் சேர்த்து 4 ஆகிவிடும். கருவியிலிருந்து டி.ஐ. வரை 3 மீட்டர் மோனோ கேபிள் 3, கிதாரிலிருந்து பிராசசருக்கு ஒன்று, இவற்றுக்கு மாற்றாக 2, ஆக 6 மோனோ கேபிள் போதும். கிதாரிலிருந்து பிராசசருக்குப் போகும் கேபிள் 6 மீட்டரைத் தாண்ட வேண்டாம். கிதாரின் பிக்கப் பலவீனமான ஒலியைத் தருவதால், கேபிள் நீள நீள மேல் ஒலியின் கூர்மை மங்கும். டி.ஐ. தாண்டியபின் கேனான் கேபிளில் 30 மீட்டர் போனாலும் கவலையில்லை.

வாலாஜா_6_கம்பி | சனி, மதியம் 1:15

நானும் கிதார் வாசிப்பவன்தான். இவ்வளவு டி.ஐ. எல்லாம் தேவையில்லை என்பது என் எண்ணம். நல்ல விலையுள்ள கேபிளாக வாங்கினால் நேரடியாக மிக்ஸருக்கே கொடுக்கலாம். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கில் உள்ள பெரிய எர்த் பின்னில் டேப்பைச் சுற்றி, அது தொடாமல் செருகினால் இரைச்சல் உடனே நின்றுவிடும். 10 கல்யாணத்திலாவது இப்படிச் செய்து வாசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய_மிக்ஸர் | சனி, மதியம் 2:48

தம்பி சொல்வதில் பாதி உண்மை. எர்த்தைத் துண்டித்தால் இரைச்சல் நிற்கும். மேடையில் உள்ள கருவிக்கு ஒரு பிளக்கிலும், மண்டபத்தின் மறுகோடியில் உள்ள மிக்ஸருக்கு வேறொரு பிளக்கிலும் மின்சாரம் எடுக்கும்போது, எர்த் ஒருமுறை மின்கம்பி வழியாகவும் இன்னொருமுறை ஒலிக் கேபிளின் உறை வழியாகவும் இணைந்து ஒரு வட்டம் உண்டாகிறது. அந்த வட்டத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் "ம்ம்ம்". எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேபிளாலும் அதை நிறுத்த முடியாது. வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும்.

அதை மின்சாரப் பக்கத்தில் வெட்டுவதுதான் தவறு. எர்த் இல்லாத கருவியில் உள்ளே எங்காவது மின்சாரம் வரும் பேஸ் கம்பி உரசினால், அந்த மின்சாரம் கிதாரின் கம்பிகளில் வந்து நிற்கும். கை கம்பியிலும் உதடு மைக்கின் வலையிலும் இருக்கும்போது வட்டத்தை மூடுவது பாடுபவரின் உடல்தான். ஒருமுறை பாடிக்கொண்டே கிதார் வாசித்த பையன் மைக்கில் உதடு பட்டதும் சுண்டி இழுத்தாற்போலப் பின்னால் சாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். கூட்டம் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டியது. டி.ஐ. பாக்ஸின் பக்கத்தில் எர்த் லிஃப்ட் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது ஒலிப் பக்கத்தில் மட்டும் வட்டத்தை வெட்டும், பாதுகாப்பு எர்த்தைத் தொடாது. டி.ஐ. கேட்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இதற்காகப் பட்டியலில் ஒரு சாதாரண மல்டிமீட்டரைச் சேருங்கள். சாமான் இறக்கியதும் மேடைப் பிளக்கைப் பார்க்க வேண்டும். மீட்டரைப் பற்றிப் பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்காமல் மண்டப எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லலாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 60, 100 என்று அரைகுறையாகக் காட்டினால், அந்தத் துளை இருக்கிறதே தவிர அதன் பின்னால் எர்த் கம்பி இல்லை என்று பொருள். வேறு பிளக்கைக் கேளுங்கள். கடைசியில், எல்லாம் இணைத்தபின் மைக்கின் வலைக்கும் கிதார் கம்பிக்கும் இடையே ஒருமுறை அளந்துவிட்டுப் பாடத் தொடங்குங்கள்.

வாலாஜா_6_கம்பி | சனி, மாலை 4:10

சுண்டி இழுத்தது எனக்கும் 2 முறை நடந்திருக்கிறது. மழை ஈரத்தால் என்று நினைத்துக்கொண்டேன். டேப்பை எடுத்துவிடுகிறேன் ஐயா. ஆனாலும் எல்லா மண்டபத்திலும் டி.ஐ. இல்லாமல் இரைச்சல் வரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய_மிக்ஸர் | சனி, மாலை 4:22

எல்லா இடத்திலும் வராது. மிக்ஸரும் கருவிகளும் ஒரே பிளக்கில் இருந்தால் பெரும்பாலும் வராது. மேடையிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனை மிக்ஸர் வரை இழுத்துச் சமாளித்த காலமும் உண்டு.

ஆரணிக்_குரல் | சனி, இரவு 9:37

நான் ஆரணியைச் சேர்ந்த பாடகி. கேபிளைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். மணமக்கள் மேடைக்கு நடந்து வரும்போது, அவர்கள் தேர்ந்தெடுத்த பாடலை லேப்டாப்பிலிருந்து ஒலிக்கவிட்டோம். தாளமும் வயலினும் கேட்டன, ஆனால் பாடியவரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல எதிரொலியாகக் கேட்டது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொரு பாடலை மாற்றினால் அதிலும் குரல் இல்லை. லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் குரல் தெளிவாக இருந்தது. வேறு வழியில்லாமல் நானே அந்தப் பாடலின் மேல் பாடி முடித்தேன். மணமகனின் தாயார் பிறகு வந்து, கூடவே பாடியது மிகவும் பொருத்தமாக இருந்தது என்று பாராட்டினார். என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பழைய_மிக்ஸர் | ஞாயிறு, காலை 7:50

அம்மா, லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு, 2 முனையிலும் ஸ்டீரியோ பின் வைத்த ஒற்றைக் கேபிளைப் போட்டிருப்பீர்கள். மிக்ஸரின் அந்தத் துளை, உள்ளே வரும் 2 கம்பிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மைக்குக்கு அது நல்லது, ஏனென்றால் வழியில் 2 கம்பியிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். பாடலிலோ குரலை இடத்திலும் வலத்திலும் சமமாக வைத்திருப்பார்கள். ஆகவே குரல் கழிந்துபோய், ஓரங்களில் இருந்த வயலினும் எதிரொலியும் மட்டும் மிஞ்சின. ஒரு பக்கம் சிறிய ஸ்டீரியோ பின்னும் மறுபக்கம் 2 மோனோ ஜாக்கும் உள்ள ஒய் கேபிள் ஒன்றிருந்தால் இது வராது. காட்பாடித் தம்பி, உங்கள் 10 கேபிளில் இது இருக்கிறதா?

காட்பாடி_கீபோர்டு | ஞாயிறு, காலை 8:15

இல்லை ஐயா. 2 பக்கமும் ஸ்டீரியோ பின் வைத்ததுதான் இருக்கிறது.

ஆரணிக்_குரல் | ஞாயிறு, காலை 8:31

3 ஆண்டுப் புதிர் ஒரு கேபிளில் முடிந்துவிட்டதே! இன்னொன்று: அதே லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினால் "கிர்ர்" என்று ஒரு மெல்லிய சத்தம் வருகிறது, பிடுங்கினால் நின்றுவிடுகிறது. இதற்கும் எர்த் வட்டம்தான் காரணமா?

பழைய_மிக்ஸர் | ஞாயிறு, காலை 8:44

அதன் உறவுக்காரன்தான். லேப்டாப்பும் டி.ஐ. வழியாகவே போகட்டும். டி.ஐ. கைவசம் இல்லையென்றால், லேப்டாப்பை முழுமையாகச் சார்ஜ் செய்து எடுத்துப் போய், பாடல் ஒலிக்கும் 5 நிமிடமும் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள். அதே பாடல்கள் ஒரு கைபேசியிலும் இருக்கட்டும். அழைப்பு வராதபடி அதை விமானப் பயண நிலையில் வைக்க மறக்காதீர்கள்.

தோல்_கருவிக்காரன் | ஞாயிறு, மதியம் 12:20

எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசுவதால் தபலாவுக்காக நான் பேச வேண்டியிருக்கிறது. "தபலா ஜோடி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் குரல் ஒன்றரைக் கட்டையிலும் பெண் குரல் ஐந்து கட்டையிலும் பாடினால், ஒரே வலது தபலாவை வைத்துக்கொண்டு உங்கள் கலைஞர் என்ன செய்வார்? சுத்தியலால் தட்டி ஓரளவுதான் ஏற்றி இறக்க முடியும். குறைந்தது 2 வலது தபலாவாவது வேண்டும். அதில் ஒன்றின் தோல் கிழிந்தாலும் மற்றது மாற்றாகிவிடும். சுத்தியல், பவுடர், சும்மாடு, உட்காரும் விரிப்பு, துணி ஆகியவை அவர் பையிலேயே இருக்கும். சுத்தியலை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வேலூர் வெயிலில் வேனின் பின்புறம் வைத்துக் கொண்டுவந்த தபலாவை ஏ.சி. மண்டபத்தில் இறக்கிய உடனே சுருதி சேர்த்தால், அரை மணி நேரத்தில் அது வேறிடத்தில் நிற்கும். உறையைக் கழற்றி, மேடையிலேயே அரை மணி நேரமாவது காற்றில் வைத்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். ஏ.சி.யின் காற்று நேராகத் தோலில் படும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள், தோல் உலர்ந்து சுருதி ஏறிக்கொண்டே போகும்.

வாலாஜா_6_கம்பி | ஞாயிறு, மதியம் 1:02

கிதாருக்கும் இதே கதைதான், ஆனால் எதிர்த்திசையில். மேடை விளக்கின் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். புதுக் கம்பியை நிகழ்ச்சி நாளில் மாட்டாதீர்கள், 2 நாளுக்கு முன்பே மாட்டி இழுத்துப் பழக்குங்கள். மாற்றாக ஒரு முழு செட்டும், அதிகம் அறும் முதல் கம்பி தனியாக 2ம், கம்பி வெட்டும் கட்டரும் வேண்டும். பேட்டரி வைத்த பிக்கப் உள்ள கிதாராக இருந்தால், இடைவேளையில் ஜாக்கைப் பிடுங்கி வையுங்கள். ஜாக் உள்ளே இருக்கும்வரை அந்த 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஈயப்_பற்று | ஞாயிறு, மாலை 6:18

எல்லோரும் மாற்றுக் கேபிளைச் சொல்கிறீர்கள், ஒருவரும் சால்டரிங் அயர்னைச் சொல்லவில்லை. 25 வாட் அயர்ன், கொஞ்சம் ஈயம், 2 உதிரி ஜாக், 2 உதிரி கேனான் முனை இருந்தால் எந்தக் கேபிளையும் 5 நிமிடத்தில் உயிர்ப்பிக்கலாம். இரவு 8 மணிக்குக் குடியாத்தத்தில் கேனான் முனை எந்தக் கடையில் கிடைக்கும்? நான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போதெல்லாம் 10, 10 ஆக வாங்கி வைத்துவிடுவேன்.

பழைய_மிக்ஸர் | ஞாயிறு, மாலை 6:55

பட்டுப் புடவைகள் நடமாடும் மேடையில், துணிப் பந்தலுக்குக் கீழே, சூடான அயர்னை நான் அனுமதிக்க மாட்டேன். கேபிள் போனால் மாற்றைப் போடுங்கள். போனதை முடிச்சிட்டு வேனில் எறியுங்கள், முடிச்சு இருந்தால் அது பழுது என்று வீட்டில் தெரியும். பற்றவைக்கும் வேலையை நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் வீட்டில் செய்யுங்கள். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, கேபிளின் 2 முனைகளிலும் தொட்டுக்கொண்டே ஜாக்கின் கழுத்தை மெல்ல வளையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால், கம்பி கழுத்தில் அறுந்திருக்கிறது. 10இல் 9 கேபிள் அறுவது அந்தக் கழுத்தில்தான்.

ஈயப்_பற்று | ஞாயிறு, இரவு 7:20

மேடைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துச் செய்வேன் ஐயா. கருவியின் உள்ளேயே ஜாக் துளை கழன்றுவிட்டால் உங்கள் மாற்றுக் கேபிள் என்ன செய்யும்? அயர்ன் என் பெட்டியில் இருக்கத்தான் செய்யும்.

காட்பாடி_கீபோர்டு | திங்கள், காலை 9:40

இன்னொரு சந்தேகம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும் அந்தச் சில நொடிகளில் கீபோர்டு அணைந்துவிடுகிறது. மீண்டும் வந்தால் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போய்விடுவதால், பாடுபவர் ஒரு சுருதியிலும் நான் ஒரு சுருதியிலுமாக நின்ற அனுபவம் உண்டு. இதற்குக் கணினிக்கு வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றை எடுத்துப் போகலாமா?

ஆரணிக்_குரல் | திங்கள், காலை 10:12

எங்கள் கீபோர்டுக் கலைஞருக்கு இதைவிட வேடிக்கையாக நடந்தது. மின்சாரம் திரும்பும்போது அவர் கால் பெடலின் மேல் இருந்திருக்கிறது. கீபோர்டு அதையே பெடலின் இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டதால், பிறகு காலை எடுத்தால் ஒலி நீள்கிறது, மிதித்தால் நிற்கிறது. ஒரு பாடல் முழுவதும் தலைகீழாக மிதித்துச் சமாளித்தார். மறுபடி அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

பழைய_மிக்ஸர் | திங்கள், காலை 11:30

யு.பி.எஸ். எடுத்துப் போகலாம். கீபோர்டு இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, சில நொடி இடைவெளிக்கு அது தாராளம். ஆனால் மலிவான யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது தரும் மின்சாரம் கரடுமுரடானது. எடை கூடிய பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டராக இருந்தால் அதில் உறுமலும் சூடும் வரலாம். வீட்டிலேயே யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 10 நிமிடம் வாசித்துப் பாருங்கள். பேட்டரி பழையதென்றால், அதுவும் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

ஈயப்_பற்று | திங்கள், மதியம் 12:05

யு.பி.எஸ்.ஸைச் சுமப்பதைவிட, கீபோர்டிலேயே பேட்டரி போட்டுவிடுங்கள். அடிப்பக்கம் 6 பேட்டரி வைக்க இடம் இருக்கும்.

காட்பாடி_கீபோர்டு | திங்கள், மதியம் 12:30

என்னுடையதில் அந்த இடம் இல்லை. சிறிய மாதிரிகளில்தான் இருக்கிறது.

காட்பாடி_கீபோர்டு | 5 வாரம் கழித்து, திங்கள், இரவு 8:05

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை வரவேற்பு முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் 2 மணிக்கே புறப்பட்டு, 3:30க்குச் சாமான் இறக்கினோம். மேடையின் இடப்பக்கப் பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 85 வோல்ட் காட்டியது. எலக்ட்ரீஷியனிடம் சொன்னதற்கு, இதுவரை யாரும் குறை சொன்னதில்லையே என்றார். வலப்பக்கப் பிளக் சரியாக இருந்தது. அது 15 ஆம்பியர் பெரிய துளை என்பதால் எங்கள் எக்ஸ்டென்ஷனின் பிளக் அதில் நுழையவில்லை. பெரிய துளையைச் சிறியதாக்கும் அடாப்டரைப் பட்டியலில் நாம் ஒருவருமே எழுதவில்லை! மைக்செட்காரரிடம் எர்த் பின்னோடு கூடிய ஒன்று இருந்ததால் தப்பித்தோம். மறுநாளே 2 வாங்கிவிட்டேன்.

7:40க்கு மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. யு.பி.எஸ். இருந்ததால் கீபோர்டு அசையவில்லை. ஆனால் ரிதம் பேடைச் சாதாரண எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தோம். அது அணைந்து, முதல் கிட்டுக்குப் போய் நின்றது. மென்மையான ஒரு மெலடியின் சரணத்தில் திடீரென்று ராக் டிரம்ஸ் கேட்டதும், மணமகனின் நண்பர்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். யு.பி.எஸ்.ஸின் பின்னால் இன்னொரு துளை காலியாகத்தான் இருந்தது. பேடை அங்கே செருக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாற்றுக் கேபிள் ஒன்று பயன்பட்டது. அலங்காரக்காரர்கள் பூச்சாடியின் இரும்புக் காலைக் கிதாரின் கேபிள் மேல் நிறுத்திவிட்டார்கள். ஒலி விட்டு விட்டு வந்ததும் வாலாஜா நண்பர் சொன்ன விலையைப் பற்றி யோசிக்காமல், மாற்றைப் போட்டு, பழையதை முடிச்சிட்டு எறிந்தேன். தபலாக் கலைஞர் 3 வலது தபலா கொண்டுவந்து, மூன்றையும் பயன்படுத்தினார்.

ஒவ்வொரு பாடலுக்கும் டிரான்ஸ்போஸ் எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். மணமக்கள் நடந்து வரும்போது மேடை விளக்குகளை அணைத்து அவர்கள் மேல் மட்டும் வெளிச்சம் போட்டதால், அந்தத் தாள் எனக்குத் தெரியவில்லை. கைபேசி வெளிச்சத்தில் படிக்கலாம் என்றால், அதில்தான் லேப்டாப்புக்கு மாற்றாகப் பாடல் ஓடத் தயாராக இருந்தது. ஸ்டாண்டில் கவ்வும் சிறு விளக்கு ஒன்று வாங்க வேண்டும்.

வாலாஜா_6_கம்பி | திங்கள், இரவு 8:31

விலையைப் பற்றிச் சொன்னதைக் கவனித்தேன். பரவாயில்லை. இரைச்சல் வந்ததா இல்லையா?

காட்பாடி_கீபோர்டு | திங்கள், இரவு 8:40

கிதாரில் வந்தது. டி.ஐ.யின் எர்த் லிஃப்டைத் தட்டியதும் நின்றது. பேடில் சுவிட்சைத் தட்டாமலேயே வரவில்லை. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தும் ஏன் அப்படி என்று தெரியவில்லை.

பழைய_மிக்ஸர் | திங்கள், இரவு 9:15

பேடின் அடாப்டர் எர்த் இல்லாத 2 பின் வகையா, பிராசசரின் அடாப்டர் 3 பின் வகையா என்று பாருங்கள். அப்படியிருந்தால் வட்டம் பிராசசரில் மட்டுமே உண்டாகும். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

காட்பாடி_கீபோர்டு | திங்கள், இரவு 9:28

நாளை பார்த்துச் சொல்கிறேன் ஐயா. திரும்பி வந்து எண்ணியதில் நீல டேப் ஒட்டிய எங்கள் மோனோ கேபிள், முடிச்சிட்டதையும் சேர்த்து, 6ம் சரியாக இருக்கின்றன. ஆனால் சிவப்பு டேப் சுற்றிய கேனான் கேபிள் ஒன்று எங்கள் பெட்டிக்குள் வந்துவிட்டது. மைக்செட்காரரை அழைத்தால், அவர் எங்கள் கீபோர்டு ஸ்டாண்டின் திருகு ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டாவில் சந்தித்து மாற்றிக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.